அடுத்த தலைமுறை கார்ட் வரும்வரை பொறுப்பதா, இப்போதே வாங்குவதா? கண்டியிலிருந்து ஒரு கணக்கு

கேமிங் கொம்பியூட்டர் வாங்கக் காசு சேர்த்து வைத்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இதுதான்: "இன்னும் கொஞ்சம் பொறுத்தா புது சீரிஸ் வந்துரும் தானே? அப்ப இப்ப வாங்குறது நட்டம் தானே?"

இந்தக் கேள்விக்கு யூடியூபில் ஆயிரம் பதில்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவில் இருக்கும் ஒருவர், டொலரில் உழைத்து டொலரில் செலவழிக்கும் ஒருவர் சொல்பவை. அங்கே கேள்வி ஒன்றுதான்: புதிய கார்ட் எவ்வளவு வேகமாக இருக்கும், என்ன விலைக்கு வரும்? நமக்கு அதோடு இன்னும் இரண்டு கேள்விகள் சேர்ந்துகொள்கின்றன. அது வரும் நாளில் டொலர் என்ன விலை, வரி எவ்வளவு? இவை இரண்டும் என்வீடியா, ஏஎம்டி கைகளில் இல்லை. கடந்த ஆறு வருடங்களில் இலங்கையில் காத்திருந்தவர்களுக்கு லாபமா நட்டமா என்பதைக் கார்டின் வேகத்தைவிட இவைதான் தீர்மானித்தன. அதனால் அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டொலரில் இறங்கியது, ரூபாயில் ஏறியது

2022 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். அந்த மாதம் யார் கேட்டிருந்தாலும் "பொறுங்கள்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். காரணமும் சரியானது. எதீரியம் மைனிங் செய்பவர்கள் உலகெங்கும் கார்டுகளை அள்ளிக்கொண்டிருந்தார்கள். 329 டொலர் என்று 2021 பெப்ரவரியில் அறிமுகமான ஆர்டிஎக்ஸ் 3060, அந்த விலைக்கு எங்கும் எளிதில் கிடைக்கவில்லை. மைனிங் ஒரு நாள் முடியும், ஆர்டிஎக்ஸ் 40 தொடர் அந்த வருடமே வரும், இரண்டும் சேர்ந்து விலையை இறக்கும் என்பது எதிர்பார்ப்பு.

எதிர்பார்த்த ஒவ்வொன்றும் நடந்தது. 2022 நடுப்பகுதிக்குள் உலகச் சந்தையில் விலை இறங்கியது. செப்டெம்பர் 15ஆம் திகதி எதீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் கார்டுகளை வைத்து அதை மைன் செய்யும் வேலையே இல்லாமல் போனது. ஒக்டோபர் 12ஆம் திகதி ஆர்டிஎக்ஸ் 4090 விற்பனைக்கு வந்தது.

ஆனால் இடையில் மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாயைப் பிடித்துவைத்திருந்த கையை விட்டது. அதுவரை 203 ரூபாய்க்குள் நின்ற டொலர், மே மாதம் 360ஐ எட்டியது. அதாவது டொலரில் ஒரு சாமானின் விலை 44 சதவீதம் குறைந்திருந்தால்தான் நம் கையில் அது பழைய விலைக்கே வந்து நிற்கும். 44 சதவீதம் குறைந்தும் லாபம் பூச்சியம். அதற்குக் குறைவாக இறங்கியதெல்லாம் நமக்கு விலையேற்றம்தான்.

அடுத்த தலைமுறையையே நேராக ஒப்பிட்டுப் பார்ப்போம். 3060இன் அறிமுக விலை 329 டொலர். 203 ரூபாய்ப்படி 66,787 ரூபாய். அதன் வாரிசான 4060, 2023 ஜூன் இறுதியில் 299 டொலருக்கு வந்தது. டொலரில் முப்பது குறைவு. அப்போது டொலர் சுமார் 300 ரூபாய் என்று வைத்தால் 89,700 ரூபாய். வரியையும் கப்பல் கூலியையும் கடைக்காரர் லாபத்தையும் சேர்க்காமலே மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. வேகத்தில் கிடைத்ததோ ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்தான். போதாக்குறைக்கு 3060இல் இருந்த 12 ஜிபி நினைவகம் 4060இல் 8 ஜிபியாகக் குறைந்திருந்தது. மின்சாரம் மட்டும் 170 வொட்டிலிருந்து 115 வொட்டாக இறங்கியது.

இதன் மேல் வற் வரி. 2022 மே வரை 8 சதவீதமாக இருந்தது ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என்று ஏறியது. அடுத்த தலைமுறை எவ்வளவு மலிவாக வந்தாலும் இன்று அந்த 18 சதவீதத்தைத் தாண்டித்தான் கண்டிக்கு வரவேண்டும்.

ஆனால் "எப்போதும் இப்போதே வாங்கு" என்பதும் பிழை

மேலே சொன்னதை மட்டும் வைத்து அவசரப்பட்டு வாங்க ஓடவேண்டாம். அதே காலத்தில் மறுபக்கக் கணக்கும் இருக்கிறது. 2022 மே மாதம், இனி டொலர் 500க்குப் போகும் என்று பயந்து, கையிலிருந்த காசையெல்லாம் போட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். 300 டொலர் பெறுமதியான கார்டுக்கு அன்று 108,000 ரூபாய். ஒரு வருடம் பொறுத்திருந்தால் டொலர் மாற்றத்தால் மட்டும் அது 90,000 ரூபாய்க்கு வந்திருக்கும். அந்த ஒரு வருடம் காத்திருந்தவர்தான் சரி.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது என்ன? ரூபாய் சரியப் போகிறதா, சரிந்து முடிந்துவிட்டதா என்பதுதான். அதைத் துல்லியமாக யாராலும் சொல்லமுடியாது. ஆனால் சரிவுக்கு முந்தைய மாதங்களில் கொம்பியூட்டர் கடைகளில் தெரியும் அடையாளங்கள் உண்டு. வழக்கமாக ஒரு வாரம் செல்லுபடியாகும் விலைக் கூற்று, "இன்றைக்கு மட்டும்" என்று மாறும். கடையின் இணையப் பக்கத்தில் விலை இருந்த இடத்தில் "அழைத்துக் கேளுங்கள்" என்று வரும். விற்ற கார்டுக்குப் பதிலாக அடுத்தது வந்து சேராது, ஏனென்றால் இறக்குமதியாளருக்கு வங்கியில் நாணயக் கடிதம் திறக்கமுடியவில்லை. வங்கி விலைக்கும் வெளியே டொலர் மாற்றும் விலைக்கும் இடையில் பெரிய இடைவெளி விழும். 2022 தொடக்கத்தில் இவை எல்லாமே சேர்ந்து தெரிந்தன. இவற்றில் இரண்டு மூன்றை ஒன்றாகக் கண்டால் புது சீரிஸ் பற்றிய பேச்சை விட்டுவிட்டு, தேவையானதை அன்றே வாங்குங்கள். டொலர் ஏற்கெனவே உச்சிக்குப் போய், எல்லாரும் பயந்துபோயிருக்கும் நேரத்தில் வாங்கவேண்டாம். இவை எதுவும் இல்லாத அமைதியான காலத்தில்தான் தலைமுறைக் கணக்கைப் பார்க்கலாம்.

அமைதியான காலத்தில்: நீங்கள் காத்திருப்பது எந்தக் கார்டுக்கு?

புதிய தலைமுறை என்று மேடையில் காட்டுவது மேல்தட்டுக் கார்டுகளை. நம்மில் பெரும்பாலானோர் வாங்குவது 60 என்று முடியும் கார்டை. இரண்டும் ஒரே நாளில் வருவதில்லை. 30 தொடர் 2020 செப்டெம்பரில் தொடங்கியது, 3060 வந்தது 2021 பெப்ரவரியில். 40 தொடர் 2022 ஒக்டோபரில் தொடங்கியது, 4060 வந்தது 2023 ஜூன் இறுதியில். 50 தொடர் 2025 ஜனவரியில் தொடங்கியது, 5060 வந்தது மே மாதம். நான்கு மாதம் முதல் எட்டு மாதம் வரை தாமதம்.

அதன் பிறகும் முதல் லொட்டில் நாட்டுக்கு வருவது கொஞ்சம். அவை கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸாவில் கண்ணாடிக்குள் வைத்த உடனே நல்ல விலைக்குப் போகும். கண்டிக் கடைகளில் நிதானமாக விலை பேசி வாங்கும் நிலை வருவதற்கு இன்னும் சில மாதங்கள். ஆக, "புது சீரிஸ் இன்னும் ஆறு மாதத்தில்" என்று வதந்தி வந்தால், 60 கார்ட் வாங்கும் கண்டிக்காரருக்கு அது ஒரு வருடத்துக்கும் மேல். ஒரு 60 கார்டுக்கும் அடுத்த 60 கார்டுக்கும் இடையில் இதுவரை ஏறக்குறைய இரண்டு வருடம் அல்லது அதற்குச் சற்றுக் கூட எடுத்திருக்கிறது. 5060க்கு அடுத்தது இதே போக்கில் வந்தால் 2027 நடுப்பகுதி.

அதனால் என் எல்லைக்கோடு எளிமையானது. நீங்கள் வாங்கப்போகும் அதே மட்டக் கார்டுக்குத் திகதியும் விலையும் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டிருந்தால் காத்திருங்கள். வதந்திக்குக் காத்திருக்கவேண்டாம்.

இப்போதைய நிலைமையில் ரேம்தான் சிக்கல்

இன்றைக்கு இன்னொரு விடயமும் சேர்ந்திருக்கிறது. 2025இன் கடைசி மாதங்களில் ரேம் விலை உலகெங்கும் இரண்டு, மூன்று மடங்காக ஏறியது. பெரிய தரவு மையங்கள் நினைவக சிப்புகளை வாங்கிக் குவிப்பதால், தயாரிப்பாளர்கள் தங்கள் ஆலைகளை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். டிசம்பர் 3ஆம் திகதி மைக்ரோன் நிறுவனம், நாம் எல்லாரும் வாங்கிப் பழகிய தன் குரூஷியல் ரேம் வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்தது.

கிராஃபிக்ஸ் கார்டிலும் நினைவக சிப்புகள்தான் இருக்கின்றன. 16 ஜிபி கார்டில் 8 ஜிபி கார்டைவிட இரு மடங்கு. ஆகவே சிப் விலை ஏறும் காலத்தில் முதலில் அடி வாங்குவதும், கடையில் முதலில் காணாமல் போவதும் 16 ஜிபி கார்டுகள். காலம் போகப் போகக் கார்ட் மலிவாகும் என்ற பழைய பழக்கத்தை நம்பி இந்த நேரத்தில் உட்கார்ந்திருக்க முடியாது.

ஒரு வீட்டின் கணக்கு

கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் என் அக்காவின் மகன் இதே கேள்வியோடு வந்தான். அவனிடம் இருப்பது பழைய கணினி: ரைசன் 5 2600, பி450 போர்ட், 16 ஜிபி டிடிஆர்4, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. "எல்லாத்தையும் வித்துட்டு ஏஎம்5ல புதுசா கட்டவா மாமா, இல்ல அடுத்த சீரிஸ் வரைக்கும் பொறுக்கவா?" என்றான்.

முதலில் எந்த விளையாட்டுக்காக என்று கேட்டேன். ஜிடிஏ 6 என்றான். அதன் அறிவிக்கப்பட்ட திகதி 2026 நவம்பர் 19. ஆனால் அது பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பொக்ஸுக்கும்தான். பிசிக்கு அறிவிப்பே இல்லை. அதை உருவாக்கும் நிறுவனத்தின் பழைய வழக்கத்தையும் பார்க்கவேண்டும். ஜிடிஏ 5 கொன்சோலுக்கு 2013 செப்டெம்பரில் வந்தது, பிசிக்கு 2015 ஏப்ரலில். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2க்கும் ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி. இன்னும் பெயரளவில்கூட இல்லாத ஒரு பிசி வடிவத்துக்காக இன்று லட்சக்கணக்கில் செலவழிப்பதில் அர்த்தம் இல்லை. அந்த ஆசையைத் தள்ளிவைத்து, இன்று விளையாடுவதற்கு எது தடையாக இருக்கிறது என்று பார்த்தோம்.

அதைப் பார்ப்பது சுலபம். விளையாட்டை ஓடவிட்டு, டாஸ்க் மனேஜரில் கிராஃபிக்ஸ் கார்டின் பயன்பாட்டைப் பார்க்கவேண்டும். அது 95க்கு மேலேயே நின்றால் தடை கார்ட். 60, 70இல் நின்றும் விளையாட்டு திக்கினால் பெரும்பாலும் தடை ப்ரொசெஸர். அவனுடையதில் கார்ட் முழு மூச்சில் ஓடியது. 1050 டிஐ 2016இல் வந்த கார்ட், 4 ஜிபிதான். அந்தத் தலைமுறைக்கு விளையாட்டுக்கான புதிய டிரைவர்கள் தருவதை என்வீடியா 2025 ஒக்டோபரோடு நிறுத்திவிட்டது. அதை வைத்துக்கொண்டு 2027 வரை காத்திருப்பது வீண்.

அடுத்தது ஏஎம்5 ஆசை. அந்த போர்டில் பழைய டிடிஆர்4 ரேமைப் போடமுடியாது. புதிய போர்ட், புதிய ப்ரொசெஸர், இவற்றோடு இன்று எட்டாத விலையில் இருக்கும் டிடிஆர்5 ரேம். மூன்றுமே சேர்ந்து கார்டுக்கான காசைத் தின்றுவிடும். அவனிடம் ஏற்கெனவே 16 ஜிபி டிடிஆர்4 இருக்கிறது. இன்றைய சந்தையில் அது ஒரு சொத்து. பி450 போர்டிலேயே ரைசன் 5 5600 போடலாம், பயோஸைப் புதுப்பித்தால் போதும். ஆகப் புதிய தளத்துக்கு மாறுவதைத் தள்ளிவைத்தோம். நான் காத்திருக்கச் சொன்ன பகுதி இதுதான்.

கார்டில் இரண்டு தெரிவுகள் இருந்தன. ஒன்று, ஆர்டிஎக்ஸ் 5060, 8 ஜிபி, அறிமுக விலை 299 டொலர். மற்றது ரேடியன் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி, 349 டொலர். டொலர் 305 ரூபாய் என்று வைத்து 18 சதவீத வற் சேர்த்தால் முதலாவது 107,610 ரூபாய், இரண்டாவது 125,605 ரூபாய். கப்பல் கூலியும் கடை லாபமும் இதற்கு மேல். வித்தியாசம் ஏறக்குறைய 18,000.

அந்த 18,000ஐக் கொடுக்கச் சொன்னதற்குக் காரணம் அவனுடைய போர்ட். பி450 பழைய பிசிஐ 3.0 வகை. 5060 எட்டு லேனில் மட்டும் பேசும் கார்ட், 9060 எக்ஸ்டி பதினாறு லேனிலும் பேசும். கார்டின் நினைவகம் நிரம்பாதவரை இதனால் பெரிய வித்தியாசம் தெரியாது. 8 ஜிபி நிரம்பியதும் கார்ட் கணினியின் ரேமுக்கு ஓடி ஓடிப் போகவேண்டும். அப்போது பாதை ஒடுங்கியதாக இருந்தால் விளையாட்டு திக்கித் திக்கி நிற்கும். சராசரி எஃப்பிஎஸ் நன்றாகக் காட்டிக்கொண்டே, திரும்பும் ஒவ்வொரு மூலையிலும் ஒரு வெட்டு விழும், சுவர்களும் முகங்களும் சில நொடிகள் மங்கலாக நின்று பிறகு தெளியும். நினைவகம் போதாது என்பதற்கு இவைதான் அடையாளம். பழைய போர்ட் வைத்திருப்பவருக்கு 8 ஜிபி, எட்டு லேன் கார்ட் ஏற்றதல்ல. புதிய போர்ட் வைத்திருந்து 1080பியில் போட்டி விளையாட்டுகள் மட்டும் ஆடுபவருக்கு 5060 போதும்.

கண்டியில் மறக்கக்கூடாதவை

பழைய கார்டுக்கு 75 வொட் போதும், தனியாக மின்கம்பிகூடத் தேவையில்லை. புதியதற்கு 160 வொட் வேண்டும். அவனுடைய கேஸோடு வந்த பெயர் தெரியாத பவர் சப்ளையை நம்பி அதைப் பூட்டமுடியாது. நல்ல தரமான 650 வொட் ஒன்று வாங்கினோம். பவர் சப்ளை, கேஸ், மொனிட்டர், யுபிஎஸ் ஆகியவற்றுக்குத் தலைமுறை கிடையாது. கார்டுக்குக் காத்திருக்க முடிவு செய்தவர்கள்கூட இவற்றை இப்போதே நல்லதாக வாங்கி வைக்கலாம். அடுத்த கார்டுக்கும் அவை உதவும்.

யுபிஎஸ் விடயத்தில் கடைகளில் அதிகம் கிடைக்கும் 650 விஏ பெட்டியை வாங்கவேண்டாம். அது தாங்குவது பெரும்பாலும் 360 வொட் அளவுதான். கார்ட், ப்ரொசெஸர், மொனிட்டர் மூன்றும் முழுதாக ஓடும்போது 300 வொட்டை நெருங்கும். கரண்ட் போகும் அந்த நொடியில் பெட்டி கீச்சிட்டு அணைந்துவிட்டால் வாங்கியதில் பயனில்லை. 1,000 விஏக்குக் குறையாமல் பாருங்கள்.

பயோஸைப் பழைய ப்ரொசெஸர் பூட்டியிருக்கும்போதே புதுப்பிக்கவேண்டும். போர்டின் பெயரையும் இப்போதைய பயோஸ் இலக்கத்தையும் அறிய, விண்டோஸில் `msinfo32` என்று தட்டி `BaseBoard Product`, `BIOS Version/Date` என்ற வரிகளைப் பாருங்கள். பிறகு தயாரிப்பாளரின் பக்கத்தில் 5600க்கு எந்தப் பயோஸ் முதல் ஆதரவு இருக்கிறது என்று பார்த்து, அதற்குமுன் வேறொரு பயோஸ் ஏற்றவேண்டுமா என்ற குறிப்பையும் வாசியுங்கள். இந்த வேலையைக் காலையில் செய்யுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் ஆனால் மலைப்பக்கம் இடி முழங்கத் தொடங்கிவிடும். பயோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போர்டே எழும்பாமல் போகலாம்.

வாரன்டியைப் பொறுத்தவரை, கொழும்பில் சில ஆயிரம் குறைவாகக் கிடைத்தால் அந்தக் கார்டில் கோளாறு வரும்போது 115 கிலோமீற்றர் யார் கொண்டுபோய்க் கொண்டுவருவது என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். கண்டிக் கடை, விலை சற்றுக் கூடினாலும், இலங்கை முகவரின் ஸ்டிக்கரோடும் தொடர் இலக்கம் எழுதிய பில்லோடும் தந்தால் நான் அங்கேயே வாங்குவேன்.

என் தீர்ப்பு

உங்கள் கார்டுக்கு டிரைவர் நின்றுவிட்டது, இன்று ஆட நினைக்கும் விளையாட்டு ஓடவில்லை, டொலர் அமைதியாக இருக்கிறது, உங்கள் மட்டத்துக்கான அடுத்த கார்டுக்குத் திகதி அறிவிக்கப்படவில்லை என்றால் கார்டை இப்போதே வாங்குங்கள், முடிந்தால் 16 ஜிபி. கையில் டிடிஆர்4 ரேம் இருந்தால் அதை விற்காதீர்கள். புதிய தளத்துக்கு மாறுவதை டிடிஆர்5 விலை இறங்கும்வரை தள்ளிவையுங்கள். உங்களிடம் ஏற்கெனவே 3060 போன்ற 12 ஜிபி கார்ட் இருந்து, ஆடும் விளையாட்டு எல்லாம் ஓடுகிறது என்றால், தாராளமாகக் காத்திருங்கள். ஒன்றுமே இல்லாமல் புதிதாகக் கட்டுபவர், கார்டுக்கான காசில் கைவைக்காமல் ரேமை 16 ஜிபியோடு நிறுத்தி, மீதியைப் பிறகு சேர்க்க இரண்டு இடம் காலியாக விடும் நான்கு இட போர்டாக வாங்கட்டும்.

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் மூன்றை மட்டும் எழுதுங்கள்: கார்டின் டொலர் விலை, அன்றைய டொலர், அதன்மேல் 18 சதவீதம். அந்தத் தொகைக்கும் கடைக்காரர் சொல்லும் விலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துப் பேரம் பேசுங்கள். இதில் சந்தேகம் இருந்தால் உங்கள் போர்டின் பெயர், பவர் சப்ளை, ஆட நினைக்கும் விளையாட்டு மூன்றையும் எழுதி அனுப்புங்கள், சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.